செவ்வாய்க்கிழமைதோறும் 199 ரூபாய்

அம்மாவின் கணக்கு நோட்டுகளில் ஏழு மிஞ்சியிருக்கின்றன. எல்லாம் நீளவாக்கில் கட்டிய கோடு போட்ட நோட்டுகள். மூத்தது 1981-ஆம் வருஷத்தியது. மதுரையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அப்பாவின் மில் சம்பளம் ஏழாம் தேதி வரும். அம்மா சம்பளக் கவரைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, அன்றிரவே நோட்டைத் திறப்பாள். இடப்பக்கம் தேதி, நடுவில் விவரம், வலப்பக்கம் ரூபாயும் பைசாவும். மாதக் கடைசியில் எதிர்ப்பக்கத்தில் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதுவாள். வாடகை, பால், மளிகை, காய்கறி, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம், மருந்து, துணிமணி, பஸ், மொய், சில்லறை என்று பதினோரு தலைப்பு. ஏழு நோட்டிலும் இந்தப் பதினொன்றுதான்.

சில்லறை என்ற தலைப்புக்கு அம்மா ஒரு வரம்பு வைத்திருந்தாள். பால் செலவைவிடச் சில்லறை கூடக் கூடாது. கூடிவிட்டால் ஏதோ ஒரு செலவு பெயரில்லாமல் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று அடுப்படி வேலை முடிந்ததும் அந்தச் செலவுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, உரிய தலைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் படுப்பாள். அவளுக்கு வங்கிக் கணக்கே கிடையாது. ஆனால் கையை விட்டுப் போன ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு இரண்டு சேமிப்புக் கணக்கும் ஒரு கிரெடிட் கார்டும் இருக்கின்றன. பூக்காரம்மாவுக்குக் கொடுக்கும் இருபது ரூபாய்கூட நாள், நேரம், பதினெட்டுச் சொச்சம் எழுத்துகளோடு பதிவாகிறது. அப்படியிருந்தும் 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை எங்கள் வீட்டிலிருந்து 17,724 ரூபாய் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த கதைதான் இது.

ஏப்ரல் கடைசியில் வருமான வரிக்காகக் கணக்குகளை எடுத்தேன். மூன்று இடத்திலிருந்தும் ஒரு வருஷத்து ஸ்டேட்மென்ட்டை எக்செல் கோப்பாக இறக்கி ஒரே தாளில் ஒட்டினேன். மொத்தம் 1,209 வரி. எடுத்தவுடன் தலைப்பு போட ஆரம்பித்தது தவறு என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது, கூட்டுத்தொகை எங்கள் வருமானத்தையே தாண்டிப் போனதால். கார்டில் வாங்கிய துணி ஒரு செலவாக வந்திருந்தது. அந்தக் கார்டு பில்லை வங்கியிலிருந்து கட்டியது இன்னொரு செலவாக வந்திருந்தது. ஒரே துணிக்கு இரண்டு தடவை கணக்கு. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணமும், மாதாமாதம் போடும் ஆர்.டி.யும்கூடச் செலவு மாதிரி நின்றன. இவற்றையும் கடைகள் திருப்பிக் கொடுத்த தொகைகளையும் தனியே எடுத்து வைத்ததில் 72 வரிகள் கழிந்தன. மிச்சம் 1,137.

அடுத்த சிக்கல் பெயர். அம்மா நோட்டில் ‘பால்’ என்று எழுதினால் அது பால்தான். என் ஸ்டேட்மென்ட்டில் பால்காரர் பால்காரராக வருவதில்லை, அவருடைய மகளின் பெயரில் வருகிறார். மளிகைக் கடை அண்ணாச்சியின் க்யூஆர் கோடு அவர் தம்பி கணக்கோடு இணைந்திருக்கிறது. இந்த மாதிரிப் பெயர்களுக்கு அருகே தலைப்பை எழுதி நாற்பது பேர் கொண்ட ஒரு சிறு பட்டியல் தயாரித்தேன். அந்த நாற்பது பேரிலேயே முக்கால்வாசி வரிகள் அடங்கிவிட்டன. வருஷம் முழுக்க நாம் பணம் கொடுப்பது எவ்வளவு கொஞ்சம் பேருக்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யூபிஐ வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பரிவர்த்தனை எண் நடுவில் வருவதால், ஒரே ஆளுக்கு நூறு தடவை கொடுத்திருந்தாலும் நூறும் வேறாகத் தெரியும். என் வங்கியில் அந்த வரி சாய்கோடுகளால் பிரிந்திருக்கும், நான்காவது துண்டு பெயர். கூகுள் ஷீட்ஸில் அதை மட்டும் உருவி E பத்தியில் வைத்தேன்:

```
=IFERROR(INDEX(SPLIT(B2,"/"),1,4),B2)
```

எல்லா வங்கியிலும் நான்காவதாகவே இருக்காது. முதலில் ஐந்தாறு வரியை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைப்புகளுக்கு அம்மாவின் பதினொன்றையே எடுத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் போய் காஸும் மின்சாரமும் வந்தன. பஸ் என்பது பெட்ரோலாக மாறியது. மொய் அப்படியே இருந்தது, தொகைதான் வேறு. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எல்லாம் தலைப்புக்குள் வந்துவிட்டன, சில்லறையைத் தவிர. சில்லறையில் 214 வரிகள், 83,640 ரூபாய். பாலுக்கு நாங்கள் வருஷத்தில் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. அம்மாவாக இருந்தால் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு எளிய கேள்வி கேட்டேன். ஒரே பெயருக்கு, ஒரே தொகை எத்தனை தடவை போயிருக்கிறது? பெயர் E-யிலும் தொகை D-யிலும் இருந்ததால், பக்கத்தில் இதைப் போட்டு இழுத்தேன்:

```
=COUNTIFS(E:E,E2,D:D,D2)
```

பெரிய எண் மேலே வரும்படி அடுக்கினேன். 12 என்று நின்றவை எல்லாம் தெரிந்தவைதான். போட்டோக்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு மாதம் 130 ரூபாய், செய்தித்தாளுக்கு, இன்டர்நெட்டுக்கு. அவற்றுக்கும் மேலே, உச்சியில், 46 என்று ஒன்று இருந்தது. தொகை 199. பெயர் போட்டோ சேமிப்புக்குப் பணம் போகும் அதே ஆப் ஸ்டோர். பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே போனதால்தான் முதலில் அது கண்ணில் படவில்லை.

தேதிகளைப் பார்த்தேன். மே 14, மே 21, மே 28. எல்லாம் செவ்வாய்க்கிழமை. மாதச் சந்தா இல்லை, வாரச் சந்தா.

மகனைக் கூப்பிட்டேன். “இது என்னடா, வாரா வாரம்?”

அவன் எட்டிப் பார்த்தான். “மே மாசம் பெரியம்மாவோட பென்ஷன் பேப்பரை ஸ்கேன் பண்ணினியேம்மா. அந்த ஆப்பா இருக்குமோ?”

“அதை அப்பவே அழிச்சுட்டேனே.”

“ஆப்பை அழிச்சா சந்தா போகாதும்மா. சந்தா உன் அக்கவுன்ட்ல இருக்கு, போன்ல இல்ல.”

அவன் சொன்னது சரி. மே 11-ஆம் தேதி, சனிக்கிழமை, அக்காவின் பென்ஷன் புத்தகத்தின் ஆறு பக்கங்களை அனுப்ப அந்த ஆப்பைப் போட்டேன். மூன்று நாள் இலவசம் என்றது. யூபிஐ பின் கேட்டது, இரண்டு ரூபாய்தான், திருப்பித் தந்துவிடுவோம் என்றது. திருப்பியும் தந்தார்கள், ஸ்டேட்மென்ட்டில் அதே நாளில் இரண்டு ரூபாய் போய் இரண்டு ரூபாய் வந்திருக்கிறது. அந்த இரண்டு ரூபாய்க்கு நான் போட்ட பின்தான், அடுத்து வரும் எல்லா 199-க்கும் கொடுத்த கையெழுத்து. யூபிஐயில் இதற்கு ஆட்டோபே என்று பெயர், 2020-இல் வந்தது. தொடக்கத்தில் ஒரு தடவை பின் போட்டால் போதும், அதன் பிறகு 15,000 ரூபாய்க்குள் இருக்கும் தொகைகள் நம்மைக் கேட்காமலே போகும். ஜூன் மாதம் ஆப்பை அழித்தேன். செவ்வாய்க்கிழமைகள் நிற்கவில்லை. 46 வாரம், 9,154 ரூபாய். ஆறு பக்கம் ஸ்கேன் செய்ததற்கு.

இங்கே அம்மா காலத்துச் சந்தா எனக்கு ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு மாத இதழ் தபாலில் வந்தது. அட்டைக்கு மேல் சுற்றிய காகிதத்தில் முகவரி இருக்கும், அதனடியில் சந்தா எந்த மாதம் முடிகிறது என்றும் இருக்கும். அந்த மாதம் வந்ததும் அம்மா யோசிப்பாள். கையில் காசு இருந்தால் தபாலாபீஸுக்குப் போய் மணியார்டர் அனுப்புவாள். இல்லாவிட்டால் சும்மா இருப்பாள். சும்மா இருந்தால் இதழ் நின்றுவிடும், அவ்வளவுதான். 1984-இல் அப்பா மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது இதழ் அப்படித்தான் நின்றது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது சும்மா இருந்தால் பணம் போகிறது. நிறுத்துவதற்கு நாம்தான் நாள் பார்த்து, வழி தேடி, பின் போட வேண்டியிருக்கிறது. இலவசக் காலம் என்பதன் முழு வியாபாரமும் இந்த ஒரு மாற்றத்தில்தான் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தவனுக்கு நம் மறதியிலிருந்து வருமானம் வருகிறது.

இரண்டாவதைப் பிடிப்பது கடினமாக இருந்தது. ஒரே தொகையைத் தேடும் அந்தச் சூத்திரம் அதைக் காட்டவே இல்லை, எல்லா இடத்திலும் 1 என்றே நின்றது. ஏனென்றால் தொகை ஒவ்வொரு மாதமும் வேறு. டாலரில் விலை வைத்த ஒரு டிசைன் மென்பொருள், மாதம் 9.99 டாலர். டாலரின் மதிப்பு ஏற இறங்க, கார்டில் ஒரு மாதம் 838 ரூபாய், ஒரு மாதம் 866 என்று விழுந்திருக்கிறது. தொகையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எண்ணியபோதுதான் எட்டு என்று வந்தது. ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை, ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதியை ஒட்டி.

அதற்குள் இன்னொரு செலவும் மறைந்திருந்தது. அந்நியச் செலாவணியில் வாங்கும்போது கார்டு கொடுத்த வங்கி அதன்மேல் ஒரு கட்டணம் போடுகிறது, என் கார்டில் அது 3.5 சதவீதம். கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அவை தனி வரிகளாக வந்ததால், வங்கிக் கட்டணம் என்று நினைத்து வேறு தலைப்பில் போட்டிருந்தேன். தேதிகளை வைத்து அவற்றையும் இழுத்து வந்து அதே மென்பொருளின்கீழ் சேர்த்தேன். மொத்தம் 7,071 ரூபாய். கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஜூலையில் மகன் என் கார்டைக் கேட்டு வாங்கியது, முப்பது நாள் இலவசம் என்று சொன்னது, எல்லாம் இருவருக்கும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. அவன் முகம் வாடிவிட்டது. நான் அவனைத் திட்டவில்லை. செவ்வாய்க்கிழமைகள் என்னுடையவை.

மூன்றாவது, வருஷத்தில் ஒரே ஒரு தடவை போனது. எந்த எண்ணிக்கையிலும் அது அகப்படாது. இதற்கு மகன் ஒரு யோசனை சொன்னான், அதுதான் இந்த வேலையில் நான் கற்றதிலேயே உபயோகமானது. “சின்னத் தொகையைத் தேடும்மா. இலவசம்னு சொல்றவன் எல்லாம் முதல்ல ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ எடுத்துப் பார்ப்பான்.” ஐந்து ரூபாய்க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வடிகட்டினேன். ஒரு வருஷத்தில் அப்படி ஒன்பதே வரிகள். அதில் சில, பணம் வந்தது மட்டும். நம் வங்கிக் கணக்கு சரியா என்று சோதிக்க ஒரு நிறுவனம் ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கும், அது ஆபத்தில்லை. ஒரு ரூபாய் போய், அதே நாளில் அதே ஒரு ரூபாய் திரும்பி வந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 6-ஆம் தேதி ஒரு ரூபாய் போய் வந்திருந்தது. 13-ஆம் தேதி 1,499 ரூபாய். பெயர் இருந்த இடத்தில் கடையின் பெயர் இல்லை, நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர். நான் அதை ஏதோ துணிக்கடை என்று முதலில் விட்டிருந்தேன். 13-ஆம் தேதிய மின்னஞ்சல்களைத் திறந்து ரசீதைத் தேடியபோது யோகா ஆப் என்று தெரிந்தது. புத்தாண்டு வைராக்கியத்தில் போட்டது. மூட்டுவலிக்கான பயிற்சிகள் மூன்று நாள் செய்தேன், பிறகு ஊருக்குப் போய்விட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், எச்சரிக்கை வந்திருந்தது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே யார், எவ்வளவு, எப்போது என்று சொல்லியாக வேண்டும். போனில் தேடியபோது திங்கட்கிழமைதோறும் அந்தச் செய்தி இருந்தது. கடன் தருகிறோம், மனை வாங்குங்கள் என்கிற குப்பைகளுக்கு நடுவில் அதுவும் படிக்கப்படாமல் கிடந்தது. விதியை மதித்துச் செய்தி அனுப்பியாகிவிட்டது. ஆனால் அம்மாவின் இதழ்மேல் இருந்த அந்த ஒரு வரி, அவள் கையால் பிரிக்கும் காகிதத்தில் இருந்தது. தினம் நூறு செய்தி வரும் இடத்தில் போடும் வரியும் அதுவும் ஒன்றல்ல.

2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்திகள் என்று பதின்மூன்றைப் பட்டியலிடுகின்றன. சந்தாப் பொறி அதில் ஒன்று. நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது, சிக்கலாக்குவது, இலவசச் சந்தாவுக்கே பணம் கட்டும் விவரங்களைக் கட்டாயமாகக் கேட்பது, எல்லாம் அதற்குள் வருகின்றன. அந்த வரையறையைப் படித்தபோது என்னுடைய மே 11-ஆம் தேதியை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது. ஆனாலும் அது என் 46 செவ்வாய்க்கிழமைகளை நிறுத்தவில்லை. தாளில் வரிகளை எண்ணியதுதான் நிறுத்தியது.

நிறுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சந்தா எங்கே பிறந்ததோ அங்கே போக வேண்டும். ஆப் ஸ்டோரில் நம் கணக்கைத் திறந்தால் Subscriptions என்ற பக்கம் இருக்கும், அங்கே ரத்து செய்ய வேண்டும். பிறகு யூபிஐ ஆப்பில் Autopay என்ற இடத்துக்குப் போய் அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும், அதற்கும் பின் போட வேண்டும். ஆனால் ஆப் ஸ்டோருக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தால் போட்டோ சேமிப்பு 130 ரூபாயும் சேர்ந்து நிற்குமோ என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் விஷயத்தில் இரண்டும் தனித்தனி அனுமதிகள். அந்த ஸ்கேன் ஆப்பின் அனுமதியைத் திறந்தபோது கை நடுங்கியது. வாரம் 199 என்று நான் நினைத்ததற்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை என்றும், முடியும் தேதி 2044 என்றும் இருந்தது. 2044-இல் எனக்கு எழுபத்தொரு வயது. கார்டில் போன டாலர் சந்தாவை மென்பொருளின் தளத்தில் நிறுத்திவிட்டு, கார்டு வங்கியின் பக்கத்தில் e-mandate என்ற இடத்திலும் நீக்கினோம்.

பணம் திரும்பக் கேட்டு எழுதினேன். ஸ்கேன் ஆப்காரர்கள் கடைசி நான்கு வாரத்துக்கு 796 ரூபாய் தந்தார்கள், அதற்கு மேல் முடியாது என்றார்கள். டாலர் சந்தாவில் ஒன்றும் வரவில்லை. யோகா ஆப்பில் அடுத்த வருஷப் புதுப்பிப்பை மட்டும் நிறுத்தினேன். ஜனவரி வரை அது எனக்குச் சொந்தம், இப்போது காலையில் பயிற்சி செய்கிறேன். வருஷம் முடிந்த பிறகு பார்ப்பது ரொம்பத் தாமதம் என்பது இதில் தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்திருந்தால் ஜூலையிலேயே ஸ்கேன் ஆப் பிடிபட்டிருக்கும்.

கணக்கை முடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது எண்பத்தொரு வயது, எங்களோடுதான் இருக்கிறாள். 17,724 என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“யார் வந்து வாங்கிட்டுப் போனா?”

“யாரும் வரலைம்மா. அதுவே எடுத்துக்குச்சு.”

“வாசல்ல வந்து நிக்காம எப்படிடீ எடுப்பான்?”

அவள் எழுந்து போய் 1983-ஆம் வருஷ நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நான் அதைப் பார்த்ததே இல்லை. மேலே ‘திருப்பித் தர வேண்டியவை’ என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் தவணைக்குச் சாமான் விற்பவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். குக்கர், மின்விசிறி என்று எதையாவது வைத்துவிட்டு, “ஒரு வாரம் வச்சுப் பாருங்கக்கா, பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடறேன்” என்று போய்விடுவார். அம்மா அன்றே கடைசிப் பக்கத்தில் சாமானின் பெயர், வந்த தேதி, அவர் மறுபடி வரும் தேதி மூன்றையும் எழுதி வைப்பாளாம். ‘குக்கர். புரட்டாசி 5. வரும் புதன்.’ பக்கத்தில் வேறு மையில் ‘கொடுத்தாச்சு.’ இப்படி ஆறு வரி. ஒன்றில் மட்டும் ‘வச்சுக்கிட்டோம், மாசம் 15’ என்று இருந்தது. அது எங்கள் தையல் மிஷின்.

“அவர் வரும்போது நீ மறந்திருந்தா?” என்று கேட்டேன்.

“மறந்தா என்ன, அவர்தானே ‘என்னக்கா சொல்றீங்க’ன்னு கேப்பாரு.”

போன வாரம் மகன் வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக ஒரு தளத்தில் சேர்ந்தான். பதினான்கு நாள் இலவசம். இரண்டு ரூபாய் போனது, வந்தது. அவனே ஒரு நோட்டை வாங்கி வந்து கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினான், போனிலும் பதின்மூன்றாம் நாளுக்கு அலாரம் வைத்தான். அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. வரும் வியாழக்கிழமை எழுத வேண்டும்.